கண்ணாடியில் படித்த தொள்ளாயிரத்து ஐம்பது

கொடைக்கானலில் மார்கழி மாதத்தில் கம்பளி காயாது. கொடியில் போட்டால் மூன்றாம் நாள், போட்டதைவிடக் கொஞ்சம் கனமாக எடுக்கலாம். இது எனக்குத் தெரியவந்தது எண்பதுகளின் கடைசியில், அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியின் சலவைக்கூடத்துக்கு வேலையாகப் போனபோதுதான்.

நான் அப்போது மதுரையில் மின்பலகைகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் டிரைவ் என்ற பெட்டிகள் ஜப்பானிலிருந்து வர ஆரம்பித்திருந்த காலம். எங்கள் கம்பெனியில் அதைப் பூட்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலாளி. அவருக்கு மலை ஏறினால் வாந்தி வரும். அதனால் மலை என்றால் நான்தான்.

பள்ளியில் வெள்ளைக்காரர் காலத்துச் சலவை இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு சின்னக் கிணறு படுத்துக்கிடப்பது போன்ற பெரிய உருளை. அதன் பல்சக்கரங்கள் தேய்ந்து, மாற்றுச் சாமான் உலகத்தில் எங்கும் கிடைக்காமல் போய்விட்டது. சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரிலிருந்து நேராக பெல்ட் போட்டு, துவைக்கும்போது மெதுவாகவும் பிழியும்போது வேகமாகவும் டிரைவே சுற்றவைக்கட்டும் என்பது எங்கள் யோசனை. இதோடு, விறகு அடுப்பு எரியும் காயவைக்கும் அறையின் இரண்டு மின்விசிறிகளுக்கும் சேர்த்து இன்னொரு சிறிய டிரைவ். பெல்ட் வேலையையும், மோட்டாரின் வாலில் சுற்றை எண்ணும் ஒரு சிறு கருவியையும் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் மழைக்கு முன்பே பூட்டி முடித்திருந்தார்.

வத்தலக்குண்டிலிருந்து போன பஸ்ஸில் இரண்டு பெட்டிகளையும் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன்.

சலவைக்கூடத்தின் பொறுப்பில் இருந்த சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துபவர். வாசலிலேயே என்னிடமிருந்து டிரைவின் புத்தகத்தைத்தான் முதலில் வாங்கினார். பிறகுதான் காபி குடிக்கிறீங்களா என்று கேட்டார். கூடத்தில் நிஜமாக வேலை பார்த்தவர் ஒரு அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, கொடைக்கானலில் தங்கிவிட்டவர். நாற்பது வயது, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இயந்திரம் ஓடும்போது அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

"பிள்ளைகள் லீவு முடிஞ்சு வர ஒரு கெழமைதான் இருக்கு சார்," என்றார் அக்கா. "இருநூறு கம்பளி கெடக்கு. கையால துவைக்க ஏலாது. விளங்குதா?"

விளங்கியது. மூலையில் கம்பளிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

முதலில் விசிறி டிரைவைப் பூட்டினேன். விசிறிக்குப் பெரிய அறிவு வேண்டாம். ஸ்கேலார் என்ற எளிய முறையில் வைத்தால் போதும். அதில் டிரைவ் மோட்டாரைப் பற்றி ஒன்றும் யோசிக்காது. வேகம் பாதி என்றால் வோல்ட்டும் பாதி, வேகம் கால் என்றால் வோல்ட்டும் கால், அவ்வளவுதான் கணக்கு. இரண்டு விசிறியும் சுழன்றன. அரை மணி நேரத்தில் முடிந்தது.

பெரிய டிரைவும் பெட்டியிலிருந்து வரும்போது ஸ்கேலாரில்தான் இருந்தது. அப்படியே ஓட்டிப் பார்த்தேன். வெற்று உருளை அழகாகச் சுற்றியது. அக்கா பன்னிரண்டு கம்பளிகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தார். நனைந்த கம்பளி என்ன கனம் கனக்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. உருளை கால்வட்டம் ஏறியது, நின்றது, திரும்பி வந்தது. மறுபடி ஏறியது, திரும்பி வந்தது. தொட்டில் ஆடுவது போல ஆடியது.

"தாலாட்டுப் பாடணுமா சார்?" என்றார் அக்கா.

குறைந்த வேகத்தில் வோல்ட்டும் குறைந்துவிடுவதால் மோட்டாருக்கு இழுக்கும் பலம் இல்லை. ஆரம்ப வோல்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன். மோட்டார் உறுமியது, சுட்டது, சுற்றவில்லை. இன்னும் தூக்கினேன். டிரைவ் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, கரண்ட் அதிகம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

சிஸ்டர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "வெக்டார்னு இன்னொண்ணு போட்டிருக்காங்களே, அது என்ன?"

அவர் இயற்பியல் டீச்சர் என்பதால் சொல்வது சுலபமாக இருந்தது. மோட்டாருக்குள் போகும் கரண்டில் ஒரு பங்கு காந்தத்தை உண்டாக்கும், ஒரு பங்கு சுமையை இழுக்கும். வெக்டார் முறையில் டிரைவ் அந்த இரண்டு பங்கையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். மோட்டாரின் வாலில் பூட்டியிருக்கும் சிறு கருவி, மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் ஊர்ந்து போகும் வேகத்திலும் முழுப் பலம் கிடைக்கும். ஆனால் டிரைவுக்கு அந்த மோட்டாரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"எப்படித் தெரியும்?"

"பாதி நாம சொல்லணும் சிஸ்டர். மோட்டார் மேல இருக்கிற தகட்டைப் பார்த்து நம்பர் போடணும். மீதியை ஆட்டோட்யூன்னு ஒரு பட்டன் அமுக்கினா அதுவே மோட்டாரைச் சோதிச்சுத் தெரிஞ்சுக்கும்."

"பரீட்சை மாதிரி."

"ஆமா சிஸ்டர்."

தகட்டைப் பார்ப்பதில்தான் சிக்கல். மோட்டார் இயந்திரத்துக்குப் பின்னால், கல் சுவரை ஒட்டி, ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தது. தகடு சுவர்ப் பக்கம். தலை போகாது. அக்கா விடுதி அறையிலிருந்து கைப்பிடி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் குழியில் ஒரு கையால் கண்ணாடியும் மறுகையால் டார்ச்சும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி எண்களைப் படிக்க, சிஸ்டர் தன் நோட்டில் எழுதினார். 3.7 கிலோவாட். 415 வோல்ட். 8.5 ஆம்பியர். 50 சைக்கிள். கடைசியாக நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. எழுத்து தேய்ந்திருந்தது. கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரிந்தது.

"தொள்ளாயிரத்து... ஐம்பது," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம் சிஸ்டர். இந்த மாதிரி மோட்டார் எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

எண்களை டிரைவில் போட்டு முடித்தபோது மணி இரண்டு. மதுரைக்கு மூன்று மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது மறுநாள் காலை. புத்தகத்தில் ஆட்டோட்யூன் பற்றிய பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கை ஒன்று இருந்தது: மோட்டாரைச் சுமையிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யவும். அதாவது பெல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அதற்கு மோட்டாரின் கால் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதைத் தண்டவாளத்தில் முன்னால் இழுக்க வேண்டும். துருப்பிடித்த நான்கு போல்ட். ஒரு மணி நேரம் பிடிக்கும்.

உருளைதான் காலியாக இருக்கிறதே, அதையும் சேர்த்துச் சுற்றினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏதோ மணி அடிக்க, சிஸ்டர் ஜெபத்துக்குப் போயிருந்தார். பட்டனை அமுக்கினேன். மோட்டார் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ரீங்காரம் போட்டது. பிறகு உருளையோடு சேர்ந்து சுற்றியது. முடிந்தது என்று டிரைவ் சொன்னது. தான் கண்டுபிடித்ததையும் காட்டியது: வெறுமனே ஓட இந்த மோட்டாருக்கு ஐந்தரை ஆம்பியர் வேண்டும். கொஞ்சம் அதிகம்தான். எனக்கு உறுத்தவும் செய்தது. ஆனால் பஸ்.

ஆறு கம்பளி போட்டு ஓட்டிக் காட்டினேன். சுற்றியது. அக்கா கையை வைத்துப் பார்த்தார்.

சிஸ்டர் திரும்பி வந்து கேட்டார்: "எல்லாம் புத்தகத்துல போட்டபடி செஞ்சாச்சா?"

"செஞ்சாச்சு சிஸ்டர்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பூண்டி என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்த பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தும் வாடை போகவில்லை.

மூன்றாம் நாள் டிரங்க் கால் வந்தது. முதலாளி எடுத்தார். பேசிவிட்டு என்னிடம் திரும்பினார். "ஆறு கம்பளி போட்டா ஓடுதாம். எட்டுக்கு மேல போட்டா நின்னுடுதாம். மோட்டாரும் சுடுதாம். பேசாம ஆறா போட்டுக்கங்கன்னு சொல்லிரவா?"

அப்படிச் சொன்னால் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஐந்தரை ஆம்பியர் இரண்டு நாளாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. "வேண்டாம் சார், நானே போய்ட்டு வர்றேன்," என்றேன். மலைக்குத் தானாகப் போகிறேன் என்று சொன்னவனை அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கம்பளிக் குவியல் குறைந்தே இருக்கவில்லை. நனைந்தவை வேறு, தொட்டியில் ஊறிக்கொண்டு கிடந்தன. சிஸ்டர் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

"இந்தக் கட்டத்துல, சுமையைக் கழட்டிட்டுச் செய்யணும்னு போட்டிருக்கே," என்று ஆரம்பித்தார்.

"சிஸ்டர், நான் கழட்டலை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பெல்ட்டோடவே சோதனை ஓட்டிட்டேன். உங்ககிட்ட செஞ்சாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் எனக்குப் புரியாத ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லணும்," என்றார்.

அக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

நான் இல்லாத இரண்டு நாளில் சிஸ்டர் புத்தகம் முழுவதையும் படித்திருக்கிறார். வெக்டார் உயர்ந்தது, ஸ்கேலார் சாதாரணம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. நல்லது இருக்கும்போது விசிறிகளுக்கு மட்டும் ஏன் சாதாரணம் என்று யோசித்து, சின்ன டிரைவை வெக்டாருக்கு மாற்றி, ஒரு விசிறியின் தகட்டைப் பார்த்து எண்களைப் போட்டு, ஆட்டோட்யூன் பட்டனையும் அமுக்கிவிட்டார். விசிறிகள் ஒரு நடுங்கு நடுங்கிவிட்டு நின்றன. அதிலிருந்து சிவப்பு எழுத்து போகவேயில்லை. காயவைக்கும் அறை இரண்டு நாளாக அடைத்துக் கிடக்கிறது.

"ரெண்டு பேரையும் சேர்த்து, ஃபாதர்கிட்ட பாவத்தை ஒப்புக்கொள்ள, பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பணும்," என்றார் அக்கா. "அதுக்கு முந்தி கம்பளியைப் பாருங்க. வெரசா."

மூவரும் சிரித்துவிட்டோம். கொஞ்ச நேரம் நிறுத்த முடியவில்லை.

விசிறியை முதலில் சரி செய்தேன். ஒரு டிரைவிலிருந்து இரண்டு மோட்டார் ஓடும்போது அது எந்த மோட்டாரை அளக்கும்? இரண்டின் கரண்டும் கலந்து ஒன்றாக வருகிறது. வேகத்தை எண்ணிச் சொல்லவும் அங்கே ஒன்றும் இல்லை. வெக்டாருக்கு ஒரு பெட்டிக்கு ஒரு மோட்டார்தான்.

"ரெண்டு பிள்ளைகளோட பேப்பரைச் சேர்த்துக் கட்டி ஒரு மார்க் போடச் சொன்ன மாதிரி," என்றார் சிஸ்டர், தலையில் தட்டிக்கொண்டு. "ஆனா விசிறிக்கு அந்தப் பலம் வேண்டாமா?"

"காத்தைத் தள்றதுக்கு எதுக்கு சிஸ்டர்? மெதுவாச் சுத்தினா காத்து கனமே இல்லை. வேகம் ஏற ஏறத்தான் சுமை ஏறும். வோல்ட்டும் அதோடயே ஏறுது. விசிறிக்கு ஸ்கேலார்தான் சரி. அது மட்டமானதுன்னு இல்லை."

டிரைவைப் பழையபடி ஸ்கேலாரில் வைத்தேன். விசிறிகள் ஓடின. காயவைக்கும் அறையிலிருந்து இரண்டு நாள் பழைய ஈரக் கம்பளியின் வாடை சலவைக்கூடம் முழுக்க அடித்தது. அக்கா ஜன்னலைத் திறந்தார். மேகம்தான் உள்ளே வந்தது.

பிறகு போல்ட்டுகள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனரில் குழாயைச் செருகி, நானும் அக்காவும் சேர்ந்து இழுத்தோம். அவருக்குக் கையில் என்னைவிட வலு. தோட்டத்தில் இருந்தபோது கொழுந்துக் கூடை சுமந்து ஏறிய கை என்றார். ஒன்றரை மணி நேரத்தில் நான்கும் தளர்ந்தன. மோட்டாரை முன்னால் இழுத்தோம். பெல்ட்டுகள் தொய்ந்து கழன்றன. சுவருக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் நான் எட்டிப் பார்த்தேன். தகடு நேராகத் தெரிந்தது.

சாக்குத் துண்டால் துடைத்தேன். 3.7 கிலோவாட். 415. 8.5. 50. கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தேன்.

"சிஸ்டர், நோட்டைக் கொண்டு வாங்க."

920 என்றிருந்தது. தேய்ந்துபோன இரண்டு, கண்ணாடியில் இடம் வலம் மாறி ஐந்தாகத் தெரிந்திருக்கிறது. மோட்டார்கள் பெரும்பாலும் தொள்ளாயிரத்து ஐம்பது பக்கம்தான் இருக்கும் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண் பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டது.

"முப்பதுதானே குறைச்சல்," என்றார் அக்கா. "அதுக்கா இத்தனை பாடு?"

இந்த மோட்டாருக்குள் காந்தம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும். முழுச் சுமையில் மோட்டாரின் அச்சு அதைவிடப் பின்தங்கி ஓடும். அந்தப் பின்தங்கலால்தான் அதற்கு இழுக்கும் பலமே வருகிறது. தொள்ளாயிரத்து இருபது என்றால் பின்தங்கல் எண்பது. நான் தொள்ளாயிரத்து ஐம்பது என்று சொன்னதால் டிரைவ் ஐம்பது என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. முப்பது ஆயிரத்தில் சின்னதுதான். எண்பதில் சின்னது இல்லை. காந்தத்துக்கு உரிய பங்கு எது, இழுப்புக்கு உரிய பங்கு எது என்று பிரிப்பதிலேயே டிரைவ் தடுமாறியிருக்கிறது. இதோடு, உருளையைச் சுற்றப் பிடித்த கரண்டையும் மோட்டாரின் சொந்தக் கரண்ட் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு பொய்யை நம்பிக்கொண்டு அது ஆறு கம்பளியைச் சுற்றியதே பெரிது.

சிஸ்டர் நோட்டில் ஐந்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். "போன தடவை நிச்சயமான்னு கேட்டேன்," என்றார். கோபமில்லை. அதனால் இன்னும் கூச்சமாக இருந்தது.

இந்த முறை எண்களை அவரே டிரைவில் போட்டார். நான் தகட்டைப் பார்த்துச் சொல்ல, அவர் திரும்பச் சொல்லி, பிறகே ஏற்றினார். பெல்ட் இல்லாத மோட்டார் அச்சின் பக்கம் யாரும் வராதபடி அக்கா ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டார். சிஸ்டர் பட்டனை அமுக்கினார். ஒரு நிமிட ரீங்காரம். பிறகு மோட்டார் தன்னந்தனியாக, லேசாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. போன முறை உருளையோடு திணறியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. முடிந்தது என்று காட்டிய பிறகு எண்ணைப் பார்த்தோம். 3.9 ஆம்பியர். போன தடவை ஐந்தரை காட்டியதைச் சொன்னேன்.

"ஐந்தரைக்கு இது எவ்வளவோ தேவலை," என்றார் சிஸ்டர். அவர் அந்த எண்ணையும் தேதியோடு எழுதிக்கொண்டார்.

பெல்ட்டுகளைப் போட்டு, மோட்டாரைப் பின்னால் தள்ளி, நேர்பார்த்து முறுக்கி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. மூன்று மணி பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்கா கம்பளிகளை எண்ணிப் போட்டார். பன்னிரண்டு. தண்ணீர் ஏறியது. டிரைவை நான் ஓடவிட்டேன். உருளை கால்வட்டம் ஏறியது. அரைவட்டம் ஏறியது. கம்பளிகள் உச்சிக்குப் போய் "தொப்" என்று விழுந்தன. உருளை நிற்கவில்லை. மறுபடி ஏறியது, மறுபடி தொப். அக்கா மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

"என்னக்கா?"

"இழுக்குது," என்றார். "இப்ப இழுக்குது. ஆனா ஒரு பக்கம் சுத்திட்டு மறுபக்கம் திரும்புறதுக்கு நடுவுல மூச்சு விடலை. கம்பளி முறுக்கிக்கும். கொஞ்சம் நின்னு திரும்பட்டும்."

அது டிரைவில் இருக்கும் விஷயம்தான். திரும்புவதற்கு முன் இரண்டு விநாடி நிற்பதை நான்காக்கினேன். அவர் கேட்டுவிட்டு இன்னும் ஒன்று என்றார். ஐந்து வைத்தேன். சரி என்றார். அந்த ஐந்து எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு நான் பூட்டிய சலவை இயந்திரங்களில் எல்லாம் அதைத்தான் வைத்தேன்.

பிழியும் வேகத்துக்கு ஏற்றியபோது உருளை ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நிலைக்கு வந்தது. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே எடுத்த கம்பளியைப் பிழிந்து பார்த்தால் சொட்டுத்தான் வந்தது. மோட்டார் மேல் கை வைத்தேன். வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தடவை ஓட்டி முப்பத்தாறு கம்பளி துவைத்தோம். முதல் பன்னிரண்டு விசிறி அறையில் மொடமொடவென்று காய்ந்திருந்தன. விருந்தினர் அறையில் எனக்குப் படுக்கை போட்டாகிவிட்டது என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். பஸ் இல்லாததால் எனக்கும் வேறு சோலி இல்லை. அக்கா ஒரு கம்பளியின் இரண்டு முனையை என் கையில் கொடுத்து, மறு இரண்டு முனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

"இழுத்துப் பிடிங்க தம்பி," என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இழுத்துப் பிடித்தேன். உதறினோம், மடித்தோம், நடுவில் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தோம். கம்பளி இன்னும் சூடாக இருந்தது.